வீடியோவில் இருந்தவர் புகார் கொடுத்து யூடியூப் எடுத்துவிட்டதா? உங்கள் நிலைமைக்கு ஏற்ற வழி

தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுப்பது என் தொழில். எடுத்ததில் நன்றாக வந்ததை நாலு நிமிட ஹைலைட்ஸாக வெட்டி யூடியூபில் போடுவோம். அடுத்த ஆர்டர் அதைப் பார்த்துத்தான் வருகிறது. அப்படிப் போட்ட ஒரு ரிசப்ஷன் வீடியோ, அதில் ஆடிய ஒரு பெண் கொடுத்த தனியுரிமைப் புகாரால் எடுக்கப்பட்டது. தப்பு என்னுடையதுதான். மெயில் வந்த அன்றே சரியானதைச் செய்திருந்தால் வீடியோவும் பிழைத்திருக்கும், அந்தப் பெண்ணுக்கும் இரண்டு நாள் தவிப்பு மிச்சமாகியிருக்கும்.

அப்போது தடுக்கி விழுந்து கற்றதை, உங்களுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் நிலைமை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். யூடியூபை வைத்தே எழுதுகிறேன். மற்றவை பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

வீடியோ காணவில்லை, எதற்கு எடுத்தார்கள் என்று புரியவில்லை

முதலில் மெயிலைத் தேடுங்கள். சேனல் எந்த ஜிமெயிலில் திறக்கப்பட்டதோ அந்த இன்பாக்ஸில் இருக்கும். ஸ்டுடியோ ஆரம்பித்த காலத்தில் யாரோ ஒரு உதவியாளர் பெயரில் திறந்த ஜிமெயிலாக இருந்தால் அவரைப் பிடியுங்கள், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். என் மெயில் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் கிடந்தது.

வீடியோ போவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள்: பாட்டுக்கோ படத்துக்கோ வந்த காப்புரிமைக் கோரிக்கை, யூடியூப் விதிமுறை மீறல், படத்தில் இருப்பவர் கொடுத்த தனியுரிமைப் புகார். மெயிலில் `privacy complaint` என்று இருந்தால் மூன்றாவது. இந்த வித்தியாசம் முக்கியம். காப்புரிமை விவகாரத்தில் எதிர்வாதம் சமர்ப்பிக்க `counter notification` என்று ஒரு படிவம் இருக்கிறது. தனியுரிமைப் புகாருக்கு அந்தப் படிவம் செல்லாது. அதில் போய் “இது நானே எடுத்த வீடியோ” என்று எழுதினால், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன கதைதான்.

“என் கேமரா, நான் எடுத்தது, என் உரிமை” என்பதுதான் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் சொல்வது. நானும் சொன்னேன். இரண்டு வகையில் தவறு. ஒன்று, படத்தின் உரிமை வேறு, படத்தில் இருப்பவரின் தனியுரிமை வேறு. இரண்டு, நம் தொழிலில் படத்தின் உரிமையே நம்முடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான். அட்வான்ஸ் வாங்கிய ரசீதைத் தவிர நம்மிடம் வேறு என்ன எழுத்து இருக்கிறது?

மெயில் வந்திருக்கிறது, வீடியோ இன்னும் ஓடுகிறது

இதுதான் நல்ல நேரம். புகார் வந்ததுமே வீடியோ போய்விடாது. பொதுவாக யூடியூப் உங்களுக்கு 48 மணி நேரம் தரும். அதற்குள் நீங்களே அந்தப் பகுதியைச் சரி செய்துவிட்டால் புகார் முடிந்தது. செய்யாவிட்டால் அவர்கள் ஆட்கள் பார்த்து முடிவு செய்வார்கள். ரொம்ப மோசமான விஷயம் என்றால் இந்த அவகாசமும் இருக்காது.

48 மணி நேரம் நீங்கள் மெயிலைத் திறந்ததிலிருந்து எண்ணப்படுவதில்லை, அனுப்பப்பட்டதிலிருந்து. முகூர்த்த நாளாகப் பார்த்து மெயில் வரும், நீங்கள் மண்டபத்தில் இருப்பீர்கள். அதனால் மெயிலில் உள்ள தேதி, நேரத்தை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

அடுத்து, புகாரில் வீடியோவின் எந்த இடம் என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள். எனக்கு வந்தது 4 நிமிடம் 20 விநாடி வீடியோ. அதில் 2:11 என்று இருந்தது. அங்கே போய்ப் பார்த்தேன். மேடைக்குக் கீழே மூன்று பெண்கள் ஆடுகிறார்கள், நடுவில் இருப்பவருக்கு மட்டும் குளோசப், 2:26 வரை. பதினைந்து விநாடி. “இவ்வளவுதானே” என்று அலட்சியமாக மூடிவிட்டேன். அந்தப் பதினைந்து விநாடியில் இருந்துதான் நான் தம்ப்நெயிலையும் எடுத்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சரி செய்ய இரண்டு வழி. வெட்டுவது, மங்கலாக்குவது. இரண்டுமே கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை, போன் ஆப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வழி இது:

```
studio.youtube.com
Content > (வீடியோ) > Editor
  Trim & cut              வெட்ட
  Blur > Face blur        முகத்தை மங்கலாக்க
  Blur > Custom blur      பெயர்ப்பலகை, வண்டி நம்பர்
Save
```

நேரம் குறைவாக இருந்தால் வெட்டுங்கள் என்பதுதான் என் கருத்து. வெட்டினால் முகம், குரல், பெயர் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். ஹைலைட்ஸ் பாட்டின் தாளத்துக்கு வெட்டியது, அதனால் நடுவில் பதினைந்து விநாடி போனால் பாட்டு குதிக்கும். குதிக்கட்டும். வீடியோவின் லிங்க் அதேதான், பார்வை எண்ணிக்கை அதேதான், மாப்பிள்ளை வீட்டார் எழுதிய கமென்ட்கள் அப்படியே இருக்கும். எடிட் டைம்லைனில் அழகாகச் சரி செய்து புதிதாக ஏற்றினால் இதெல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இரண்டு தடைகள் வரலாம். வீடியோவுக்கு 1,00,000 பார்வைக்கு மேல் இருந்து, சேனல் யூடியூப் பார்ட்னர் திட்டத்திலும் இல்லாவிட்டால் வெட்டியதைச் சேமிக்க விடாது. முகத்தை மங்கலாக்க மட்டும் விடும். இன்னொன்று, `Save` அழுத்தியதும் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். புதிய பதிப்பு தயாராகும்வரை பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். 47ஆவது மணியில் `Save` கொடுத்தால் காப்பாற்றாது. வேறொரு போனில், லாகின் இல்லாமல் வீடியோவைத் திறந்து அந்த நிமிடத்தைப் பார்த்தபிறகே முடிந்தது என்று எண்ணுங்கள்.

வெட்டியபிறகு தம்ப்நெயில், தலைப்பு, விளக்கம், டேக் நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். நீங்கள் ஏற்றிய தம்ப்நெயில் வெட்டினால் மாறாது. கமென்டில் யாராவது “நடுவில் ஆடுறது நம்ம அக்கா” என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

`Private` ஆக்கினேன், அப்படியும் எடுத்துவிட்டார்கள்

நான் செய்தது இதைத்தான். இரண்டு நாள் மறைத்துவைப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு சொடுக்கில் மறுபடி பொதுவாக்க முடியும் என்பதால் `Private` என்பதைச் சரிசெய்ததாக யூடியூப் எடுத்துக்கொள்வதில்லை. `Unlisted` பற்றிச் சொல்லவே வேண்டாம், லிங்க் இருப்பவர் எல்லோரும் பார்க்கலாம். ஒன்று வெட்டுங்கள், அல்லது மங்கலாக்குங்கள், அல்லது நீங்களே அழியுங்கள்.

அழிக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். அவகாசத்துக்குள் நீங்களே அழித்தால் விஷயம் அங்கேயே நிற்கிறது. அழிப்பதற்கு முன் அசல் ஃபைல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதா பாருங்கள். யூடியூப் எடுத்துவிட்ட வீடியோவை அப்புறம் ஸ்டுடியோவிலிருந்து டவுன்லோடு செய்ய முடியாது. ஃபுட்டேஜை மூன்று மாதத்தில் அழித்துவிட்டு யூடியூபையே கிடங்காக வைத்திருக்கும் நண்பர்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும்.

`Face blur` போட்டேன், இன்னும் ஆள் தெரிகிறது

யூடியூப் கருவி வீடியோவை அலசி, கிடைத்த முகங்களை வரிசையாகக் காட்டும். அதில் ஒரே ஆள் மூன்று நான்கு தடவை வருவார். நேராகப் பார்க்கும்போது ஒரு முகம், பக்கவாட்டில் ஒரு முகம், குனிந்து நிமிரும்போது இன்னொன்று. ஒன்றை மட்டும் டிக் செய்தால் மற்ற இடங்களில் முகம் பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். பிறகு ஆடும்போது சுற்றுகிற இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுற்றி முடித்துத் திரும்பும் அரை விநாடியில் மறைப்பு பின்தங்கும். அந்த அரை விநாடியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், நீங்கள் செய்த வேலை வீண். அந்த இடத்தில் `Custom blur` எடுத்து, பெட்டியைத் தலையைவிடப் பெரிதாக இழுத்து, `Track object` தேர்ந்தெடுங்கள். அதுவும் தவறினால் `Fix blur position` வைத்து அந்தப் பகுதியையே மூடிவிடுங்கள். அழகாக இருக்காதுதான்.

ஆனால் முகத்தை மூடினால் ஆள் தெரியாது என்று எப்படிச் சொல்வது? யூடியூப் பார்ப்பது, புகார் கொடுத்தவரைத் தனியாக அடையாளம் காண முடிகிறதா என்பதை. முகம் மட்டுமல்ல, குரல், முழுப்பெயர், தொடர்பு விவரம் எல்லாம் அதில் சேரும். எங்கள் வீடியோவில் டிஜே மைக்கில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் ஆடக் கூப்பிடுகிறார். முகத்தை மறைத்துவிட்டு பெயரை விட்டுவைத்தால் என்ன பயன்? சொந்தக்காரர்களுக்கு அந்த மயில்கழுத்து நிறப் புடவையே போதும். பெயரும் குரலும் இருக்கிற இடம் என்றால் மங்கலாக்குவதில் மெனக்கெடாதீர்கள், வெட்டுங்கள்.

எடுத்துவிட்டார்கள், யார் புகார் கொடுத்தது என்று தெரியவில்லை

யூடியூப் சொல்லாது. புகார் கொடுத்தவரின் பெயரோ தொடர்போ உங்களுக்குத் தரப்படுவதில்லை, அது சரியும்கூட. பொதுவாகப் படத்தில் இருப்பவர்தான் புகார் கொடுக்க முடியும். சிறுவர், இறந்தவர், கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர் போன்றோருக்காக மட்டும் வேறொருவர் கொடுக்கலாம். ஆகவே 2:11இல் இருக்கும் மூவரில் ஒருவர் என்பதுவரை தானாகத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் துப்பறியக் கிளம்புவார்கள். வேண்டாம். மூன்று பெண்களின் நம்பரையும் வாங்கி “நீங்கதான் கம்ப்ளைன்ட் கொடுத்தீங்களா?” என்று கேட்டால், நமக்கு அது விசாரிப்பு, அவர்களுக்கு அது மிரட்டல். அடுத்த புகார் துன்புறுத்தல் என்ற தலைப்பில் வரும்.

நான் மணப்பெண்ணின் அப்பாவுக்கு போன் செய்தேன், அவர்தான் எங்களுக்கு ஆர்டர் கொடுத்தவர்.

“தம்பி, நான்தான் யூடியூப்ல போடச் சொன்னேனே, அப்புறம் யாரு கம்ப்ளைன்ட் பண்ணுவா?” என்றார்.

“சார், யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆடின பொண்ணுங்க யாருக்காவது சங்கடம்னா நான் அந்தப் பகுதியை எடுத்துடுறேன், என் நம்பருக்கு எப்ப வேணாலும் பேசலாம்னு மட்டும் வீட்டு குரூப்ல போட்டுடுங்க” என்றேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. மணப்பெண்ணுக்கு மாமா பெண். “அண்ணா, உங்க மேல கோபம் இல்ல. அந்த ஆட்டத்தை மட்டும் கட் பண்ணி ஆபீஸ் குரூப்ல ஸ்டிக்கரா சுத்த விட்டுட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல” என்றார். யூடியூப் படிவம் எனக்கு ஒரு வரி மெயிலைத்தான் தந்தது. காரணம் இப்படித்தான் தெரிந்தது.

இந்தக் கதையில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். அப்பா சம்மதித்தார், அவருடைய மகள் சம்மதித்தார். ஆடிய பெண்ணிடம் யார் கேட்டது? நம் தொழிலில் சம்மதம் என்பது பணம் கொடுத்தவரோடு நின்றுவிடுகிறது. புகார் வருவதோ எப்போதும் விருந்தாளிகளிடமிருந்து.

திரும்பப் போட நினைக்கிறேன்

எடுக்கப்பட்ட அதே வீடியோவை, அல்லது அதே ஆட்கள் தெரியும் வேறொரு பதிப்பை, அப்படியே மறுபடி ஏற்றாதீர்கள். யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே இதைச் சொல்கிறது: அவர்கள் மறுபடி புகார் கொடுப்பார்கள், தனியுரிமையை மீறும் கணக்குகள் முடக்கப்படும். தலைப்பை மாற்றுவது, வீடியோவை இடவலமாகத் திருப்புவது போன்ற தந்திரங்கள் எதுவும் இதற்கு உதவாது. புகார் கொடுப்பது மென்பொருளா என்ன? மனிதர்தான், பார்த்தால் தன்னைத் தெரியும்.

அவர் இல்லாத பதிப்பு என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அசல் ப்ராஜெக்ட்டைத் திறந்து, அந்தப் பதினைந்து விநாடிக்குப் பதில் வேறு ஷாட்டை வைத்து, புதிதாக ஏற்றலாம். ஏற்றுமுன் அவர் வேறு எங்காவது இருக்கிறாரா என்று முழு வீடியோவையும் ஒருமுறை பாருங்கள். நான் தேடியபோது 3:40இல் பந்தியில் இலை போடும் ஷாட்டின் ஓரத்தில் இருந்தார்.

அவர் இருக்கும் பதிப்பு வேண்டும் என்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும். முத்திரைத் தாள் எல்லாம் தேவையில்லை, வாட்ஸ்அப் பதில் போதும் என்பது என் அனுபவம். ஆனால் என்ன கேட்டீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். “வீடியோ போடலாமா?” என்று கேட்டு “ம்” என்று பதில் வாங்குவது சம்மதம் ஆகாது. நான் அனுப்பியது இது:

> வணக்கம்மா. நேற்று பேசியபடி புதிய வீடியோவை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் தனியாகத் தெரியும் இடத்தை முழுக்க எடுத்துவிட்டேன். 1:52 முதல் 1:56 வரை குரூப் ஷாட்டில் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், 3:40 ஷாட்டும் இல்லை. டிஜே பெயர் சொல்வது இல்லை. இதை எங்கள் யூடியூப் சேனலில் மட்டும் போடுவோம். தம்ப்நெயில் மணமக்கள் படம். இன்ஸ்டாகிராமிலோ விளம்பரத்திலோ உங்கள் பகுதியைப் பயன்படுத்த மாட்டோம். சம்மதம் என்றால் “1:52 குரூப் ஷாட்டுக்குச் சம்மதம்” என்று பதில் எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எடுத்துவிடுகிறேன். பின்னாளில் மனசு மாறினாலும் இதே நம்பருக்குச் சொன்னால் போதும்.

இதில் கவனித்திருப்பீர்கள், வீடியோவை ஃபைலாக அனுப்பினேன். “பார்க்கிறதுக்குத்தானே” என்று `Unlisted` லிங்க்காக அனுப்பினால், எடுக்கப்பட்ட காட்சியை யூடியூபில் மறுபடி ஏற்றியதாகிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரமும் குறையாது.

அவர் பதில் வர மூன்று நாள் ஆனது. இடையில் நான் நினைவூட்டவில்லை. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவேளை நாலாம் நாளும் வரவில்லை என்றால் அந்த நாலு விநாடியையும் எடுத்துவிட்டுப் போட்டிருப்பேன். நாலு விநாடிக்காக ஒரு குடும்பத்தை நச்சரிப்பதா?

படத்தில் இருப்பவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்து வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றுதான் சொல்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. மஞ்சள் நீராட்டு விழா வீடியோக்களை நான் பொதுவில் போடுவதையே நிறுத்திவிட்டேன். அம்மா அப்பா சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அந்தப் பெண் பதினெட்டு வயதில் காலேஜில் சேரும்போது அந்த வீடியோவைப் பற்றி என்ன நினைப்பாள் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

புகாரே நியாயமில்லை என்று நினைக்கிறேன்

இருக்கலாம். யூடியூப் ஒவ்வொரு புகாரையும் ஏற்பதில்லை. பொதுநலன், செய்தி மதிப்பு, சம்மதம் இவற்றையும் பார்க்கிறது. தேர் இழுக்கும் கூட்டத்தில் ஆயிரம் தலைகளில் ஒரு தலை, தனியாக அடையாளம் தெரியாது என்றால் புகார் நிற்பது கஷ்டம். மேடையில் பேசிய அரசியல்வாதி, பொது இடத்தில் நடந்த சம்பவம் என்றாலும் உங்களுக்கு வாதம் இருக்கிறது.

நம் ஊரிலிருந்து போன வழக்கு ஒன்று இதற்கு எல்லை போட்டது. ஆட்டோ சங்கர் எழுதியதை வெளியிடுவது பற்றி நக்கீரன் தரப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்புச் சொன்னது. ஒருவரின் திருமணம், குடும்பம் போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவது தனியுரிமையை மீறுவது. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. கல்யாண மண்டபம் பொது இடமா என்று என்னிடம் கேட்டால், பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்டவர்கள் மட்டும் வரும் இடம் என்றுதான் சொல்வேன். கல்யாண வீடியோக்காரர்கள் பொதுநலன் வாதத்தைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

நியாயம் உங்கள் பக்கம் என்றால், வீடியோ எடுக்கப்பட்டதைச் சொல்லும் அதே மெயிலுக்குப் பதில் எழுதுங்கள். அதுதான் மறுபரிசீலனைக்கு வழி. என்ன நிகழ்ச்சி, எங்கே, என்றைக்கு, புகாரில் சொன்ன நிமிடத்தில் யார் இருக்கிறார், சம்மதம் இருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட். ஐந்தாறு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று நினைக்கிறேன். “என் பதினைந்து வருட உழைப்பு” என்பதையெல்லாம் எழுதாதீர்கள், படிப்பவருக்கு வேண்டியது 2:11இல் என்ன இருக்கிறது என்பது மட்டும்.

அதிலும் சரிவரவில்லை என்றால், யூடியூபின் இந்தியக் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்யலாம். அவர் முடிவும் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, `gac.gov.in` என்ற தளத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு ஹைலைட்ஸ் வீடியோவுக்காக அவ்வளவு தூரம் போனவரை நான் பார்த்ததில்லை, ஆனால் செய்திச் சேனல் நடத்துபவருக்கு அது தேவைப்படலாம்.

யூடியூபில் முடிந்தது, மற்ற இடங்களில் இன்னும் ஓடுகிறது

புகார் ஒவ்வொரு லிங்க்குக்கும் தனி. அவர் கொடுத்தது யூடியூப் வீடியோ ஒன்றுக்கு. நானோ அதே பதினைந்து விநாடியை ஷார்ட்ஸாகவும், இன்ஸ்டாகிராம் ரீலாகவும், பேஸ்புக் பக்கத்திலும் போட்டிருந்தேன். சொல்லப்போனால் ஆபீஸ் ஸ்டிக்கர் அந்த ரீலிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும், நாலு நிமிடம் யார் பார்க்கிறார்கள்? அவர் கேட்குமுன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்த பட்டியலை அவருக்கு அனுப்பினேன். ஆல்பம் டிசைன் செய்பவர் தன் பக்கத்தில் சாம்பிளாக வைத்திருந்த ஒரு போட்டோவும் இருந்தது. அவரிடம் சொல்லி எடுக்கவைத்தேன்.

ஸ்டிக்கரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போனது போனதுதான். அதை முதலில் பரப்பியவர் மீது அலுவலகத்தில் புகார் செய்ய, அசல் வீடியோ என்றைக்கு ஏற்றப்பட்டது, எந்த நிமிடத்திலிருந்து வெட்டப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அது அவருக்குப் பயன்பட்டது என்று பின்னால் சொன்னார்.

வீடியோ இல்லை, ஆனால் கூகுள் தேடலில் அந்தப் படம் இன்னும் வருகிறது

பழைய தம்ப்நெயில் தேடல் முடிவில் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். தானாகவே போகும், காத்திருக்க முடியாது என்றால் கூகுளின் `Refresh Outdated Content` கருவியைத் திறந்து அந்த முகவரியைக் கொடுங்கள். படம் அல்லது பக்கம் அசல் தளத்தில் உண்மையிலேயே நீக்கப்பட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். பக்கம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நான் லிங்க்கை அனுப்பினேன், அவரே போனில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.